முக்கால் வேகத்தில் நடந்தால் எத்தனை நிமிடம் தாமதம்?

மாலா சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறாள். தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தே போவாள். ஒரு நாள் வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில்தான் அவளால் நடக்க முடிந்தது. அன்று வழக்கத்தைவிட 8 நிமிடம் தாமதமாகப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்படியானால் வழக்கமாக அவளுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

கேள்வி இவ்வளவுதான். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் இதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றே நினைப்பார்கள். தூரம் எத்தனை மீட்டர் என்று சொல்லவில்லை, வேகம் எவ்வளவு என்றும் சொல்லவில்லை. இருப்பதெல்லாம் ஒரு பின்னமும் ஒரு தாமதமும். இதை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது?

போடலாம். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் எழுதும் விடை 32. நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் இந்த 32 வராமல் ஒரு தவணையும் போனதில்லை. எப்படி வந்தது என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். "வேகம் கால் பங்கு குறைஞ்சது சார். அப்போ நேரம் கால் பங்கு கூடும். கால் பங்கு 8 நிமிஷம்னா முழுசு 32."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விடையை மறுபடியும் கேள்விக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக 32 நிமிடம் ஆகும் பாதையை முக்கால் வேகத்தில் நடந்தால் 32 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போயிருப்பாள்? முக்கால் பாதை. அதாவது வழக்கமாக 24 நிமிடத்தில் முடிக்கும் தூரம். இன்னும் வழக்கமான 8 நிமிட நடை பாக்கி இருக்கிறது. பிள்ளைகள் இங்கேயே நிறுத்திவிட்டு "ஆமாம், 8 நிமிஷம் லேட், சரியா வருதே" என்பார்கள். ஆனால் அந்த மிச்சப் பாதையையும் அவள் மெதுவாகத்தானே நடக்க வேண்டும்? 8 நிமிட நடை என்பது வழக்கமான வேகத்துக்கான கணக்கு. முக்கால் வேகத்தில் அதற்கு 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆக 32 பொருந்தவில்லை.

இந்த வகைக் கணக்கின் சூட்சுமம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் மாலாவோடு கொஞ்ச தூரம் நடந்தே பார்த்துவிடலாம்.

சரியான விடை 24 நிமிடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். மாலா 7.01க்குக் கிளம்புவாள், 7.25க்குப் பள்ளி வாசலில் நிற்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. வழக்கமாக அதை அவள் 7.19க்குக் கடப்பாள். அங்கிருந்து பள்ளி வாசலுக்கு 6 நிமிடம்.

மெதுவாக நடந்த அந்த நாளிலும் 7.01க்கே கிளம்புகிறாள். 7.25 ஆகும்போது எங்கே இருப்பாள்? 24 நிமிடம் முக்கால் வேகத்தில் நடந்திருக்கிறாள், அதனால் பாதையில் முக்கால் பங்குதான் முடிந்திருக்கும். 24 நிமிடத்தில் முக்கால் என்றால் 18 நிமிட நடை. 7.01க்குப் பிறகு 18 நிமிட நடையில் வருவது அந்தப் பேருந்து நிறுத்தம்தான். வாசலில் இருக்க வேண்டிய நேரத்தில் நிறுத்தத்தில் நிற்கிறாள், பாதையில் கால் பங்கு பாக்கி.

இனி அந்தக் கால் பங்கு. வழக்கமாக அதற்கு 6 நிமிடம். இன்று அந்த வேகம் இல்லை. முக்கால் வேகத்தில் அவள் ஒரு நிமிடம் நடந்தால் வழக்கமான 45 விநாடி நடையைத்தான் முடிப்பாள். 6 நிமிட நடை என்பது 360 விநாடி. அதை 45 விநாடி, 45 விநாடியாக வெட்டினால் 8 துண்டு வரும். அதாவது 8 நிமிடம். 7.33க்கு வாசலை அடைகிறாள். 8 நிமிடத் தாமதம் சரியாக வந்துவிட்டது.

இப்போது பாருங்கள், கால் பங்கு எங்கே இருக்கிறது? பாதையில் இருக்கிறது. வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தில் அவளுக்குக் கால் பங்கு தூரம் மிச்சம். தாமதம் அந்தக் கால் பங்கு அல்ல. அந்தக் கால் பங்கை மெதுவான வேகத்தில் கடக்க ஆகும் நேரம்தான் தாமதம், அது வழக்கமான நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. 24இல் 8. கால் பங்கு என்பது தூரத்தின் கணக்கு, மூன்றில் ஒரு பங்கு என்பது நேரத்தின் கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் 32 வருகிறது.

அந்த 32ஐ நான் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவதில்லை. மெதுவாக நடந்த நாளில் மாலாவுக்கு ஆன நேரம் 7.01 முதல் 7.33 வரை. அது 32 நிமிடம்! பிள்ளை போட்ட கணக்கு ஒரு கேள்விக்குச் சரியான விடைதான், ஆனால் அது கேட்கப்பட்ட கேள்வி இல்லை. 8 நிமிடம் என்பது மெதுவான நேரத்தில் கால் பங்கு, வழக்கமான நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எந்த முழுமையில் பங்கு என்பதைக் கவனிக்காமல் விட்டதுதான் பிழை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு 32 வந்தால் "தப்பு" என்று சொல்வதற்குப் பதிலாக "இது எந்த நாளுக்கான நேரம்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசிக்காமல் இதைப் போட முடியுமா? முடியும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் படித்த பலருக்கும் பட்டை வரைந்து கணக்குப் போடத் தெரியும். 1980களில் பாடத்திட்டத்துக்குள் வந்த அந்த முறையைப் பெற்றோர் "மாடல் போடுறது" என்பார்கள். இந்தக் கணக்குக்கு அது அச்சாகப் பொருந்தும்.

தூரம் ஒன்றுதான். ஒரே தூரத்தை இரண்டு வேகத்தில் கடந்தால் வேகம் எந்த விகிதத்தில் இருக்கிறதோ, நேரம் அதற்குத் தலைகீழான விகிதத்தில் இருக்கும். இரண்டு மடங்கு வேகத்தில் போனால் பாதி நேரம், பாதி வேகத்தில் போனால் இரண்டு மடங்கு நேரம். இதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். முக்கால் வேகத்துக்கும் இதே விதிதான். வழக்கமான வேகமும் அன்றைய வேகமும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருந்தால், வழக்கமான நேரமும் அன்றைய நேரமும் 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும்.

இப்போது பட்டை வரையுங்கள். வழக்கமான நேரத்துக்கு 3 கட்டம். அதற்குக் கீழே அன்றைய நேரத்துக்கு 4 கட்டம், எல்லாம் ஒரே அளவு. கீழ்ப் பட்டை மேல் பட்டையைவிட ஒரு கட்டம் நீளம். அந்த ஒரு கட்டம்தான் தாமதம், 8 நிமிடம். மேல் பட்டையில் 3 கட்டம், 3 × 8 = 24. கீழ்ப் பட்டை 4 × 8 = 32. படத்தைப் பார்த்தவுடன் 24 எது, 32 எது என்ற குழப்பமே இருக்காது. பட்டை போடும்போது பிள்ளைகள் ஒரே ஒரு இடத்தில் சறுக்குவார்கள். வேகத்துக்குப் போட வேண்டிய 4 கட்டம், 3 கட்டத்தை அப்படியே நேரத்துக்கும் போட்டுவிடுவார்கள். வழக்கமான நேரம் 4 கட்டம், மெதுவான நேரம் 3 கட்டம் என்று வரைந்தால் மெதுவாக நடந்தவள் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததாக ஆகிவிடும். படத்தை ஒரு தடவை பார்த்தாலே தெரியும்.

இயற்கணிதம் படித்த உயர்நிலைப் பிள்ளைகள் வழக்கமான நேரத்தை T என்று வைத்து இப்படி எழுதலாம்:

4T/3 − T = 8
T/3 = 8
T = 24

பட்டையில் பார்த்த அந்த ஒரு கட்டம்தான் இங்கே T/3. தமிழ்நாட்டில் படித்து இங்கே வேலைக்கு வந்த அப்பாக்கள் சிலர், வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்துச் சூத்திரம் ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வேகம் a/b பங்கானால்,

T = தாமதம் × a ÷ (b − a)

இது சரியான சூத்திரம்தான். 8 × 3 ÷ 1 = 24. ஆனால் பள்ளியில் ஆசிரியர் கட்டத்தை யூனிட் என்கிறார், வீட்டில் அப்பா a, b என்கிறார், பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்கிறது. தேர்வு அறையில் மேலே a-யா b-யா என்று சந்தேகம் வந்துவிட்டால் சூத்திரத்தால் காப்பாற்ற முடியாது. என்னைக் கேட்டால் சூத்திரத்தைக் கடைசியில் காட்டுங்கள், பட்டையை முதலில் காட்டுங்கள். பட்டை பிடிபட்ட பிள்ளை சூத்திரத்தைத் தானாகவே எழுதிவிடும்.

வேறு பின்னங்களுக்கும் இதே வழிதான். ஐந்தில் நான்கு பங்கு வேகம் என்றால் நேரம் 4 கட்டத்திலிருந்து 5 கட்டமாகும், அதனால் தாமதம் வழக்கமான நேரத்தில் கால் பங்கு. மூன்றில் இரண்டு பங்கு வேகம் என்றால் 2 கட்டம் 3 ஆகும், தாமதம் பாதி. ஐந்தில் மூன்று பங்கு என்றால் 3 கட்டம் 5 ஆகும். இங்கே தாமதம் ஒரு கட்டம் அல்ல, இரண்டு கட்டம். இதைக் கவனிக்காமல் தாமதம் முழுவதையும் ஒரே கட்டத்தில் எழுதுவது அடிக்கடி நடக்கிற தவறு. 12 நிமிடத் தாமதம் என்றால் ஒரு கட்டம் 6 நிமிடம், வழக்கமான நேரம் 18.

இந்தக் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் உள்ள வித்தியாசம் பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. நம் சாலைச் சந்திப்புகளில் விளக்குக் கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கும். மூத்தோர் தங்கள் சலுகை அட்டையை அதில் காட்டினால் பச்சை மனிதன் கூடுதல் நேரம் எரியும். கிரீன் மேன் பிளஸ் என்ற அந்தத் திட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் சோதனையாகத் தொடங்கியது. சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாகக் கிடைக்கும்.

அதை வைத்து நாமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலை 16 மீட்டர் அகலம். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் 16 விநாடியில் கடக்கிறார். ஒரு பாட்டி முக்கால் வேகத்தில் நடக்கிறார். "வேகம் கால் பங்குதானே குறைவு, நேரத்தைக் கால் பங்கு கூட்டிக் கொடுப்போம்" என்று 4 விநாடி சேர்த்து 20 விநாடி கொடுத்தால் என்ன ஆகும்? 20 விநாடியில் பாட்டி நடப்பது 15 மீட்டர். பச்சை அணையும்போது இன்னும் ஒரு மீட்டர் பாக்கி, அவர் கடைசித் தடத்தில் நிற்கிறார். பாட்டிக்கு வேண்டியது 16 விநாடியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 விநாடிக்குக் கொஞ்சம் மேல். காகிதத்தில் இது ஒரு பின்னப் பிழை, சாலையில் ஒரு மீட்டர்.

சரி, மறுபடியும் மாலாவிடம் வருவோம். கேள்வித்தாள்கள் இந்தக் கணக்கை எப்போதும் நேராகக் கேட்பதில்லை. "8 நிமிடம் தாமதம்" என்று சொல்லாமல் இப்படிக் கேட்பார்கள்: மாலா வழக்கமாகப் பள்ளி மணி அடிப்பதற்கு 5 நிமிடம் முன்பே போய்விடுவாள். ஒரு நாள் முக்கால் வேகத்தில் நடந்ததால் மணி அடித்து 3 நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். வழக்கமான நேரம் என்ன?

"3 நிமிடம் தாமதம்" என்று எடுத்துக்கொண்டு 3 × 3 = 9 நிமிடம் என்று எழுதுபவர்கள் ஏராளம். சரிபார்த்தால் உடனே தெரிந்துவிடும். 9 நிமிடப் பாதை முக்கால் வேகத்தில் 12 நிமிடம் ஆகும். வழக்கத்தைவிட 3 நிமிடம்தான் பின்தங்குவாள். வழக்கமாக 5 நிமிடம் முன்னால் போகிறவள் 3 நிமிடம் பின்தங்கினால் மணிக்கு 2 நிமிடம் முன்பே போயிருப்பாள். கொடியேற்றத்துக்கு வரிசையில் நின்றிருப்பாளே, எப்படித் தாமதமாகும்?

தாமதம் எதிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பட்டையில் உள்ள கூடுதல் கட்டம், வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்திலிருந்து எண்ணப்படுவது. மணி அடிக்கும் நேரத்துக்கும் பட்டைக்கும் சம்பந்தமில்லை. பள்ளி 7.30க்கு என்றால் வழக்கமாக 7.25க்குப் போகிறாள், அன்று 7.33க்குப் போனாள். இடைவெளி 5 + 3 = 8. பிறகு அதே பட்டை, அதே 24.

இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கமாக எத்தனை மணிக்குப் போவாள் என்றே சொல்லாமல் இரண்டு நாள் கதையைச் சொல்வார்கள். வழக்கமான வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கில் நடந்தால் மணிக்கு 4 நிமிடம் பின்னால். ஐந்தில் ஆறு பங்கு வேகத்தில், அதாவது கொஞ்சம் விரைந்து நடந்தால், மணிக்கு 6 நிமிடம் முன்னால். இங்கே வழக்கமான நாளை ஓரமாக வைத்துவிட்டு அந்த இரண்டு நாட்களை மட்டும் ஒப்பிடுவதுதான் சுருக்கமான வழி. இரண்டு வேகங்களும் 4-க்கு 6, அதாவது 2-க்கு 3. எனவே நேரங்கள் 3-க்கு 2. ஒரு கட்டம் வித்தியாசம். போய்ச் சேர்ந்த நேரங்களின் இடைவெளி 4 + 6 = 10 நிமிடம், அதனால் ஒரு கட்டம் 10 நிமிடம். மெதுவான நாள் 30 நிமிடம், விரைந்த நாள் 20 நிமிடம். மெதுவான நாளிலிருந்து வழக்கமான நேரத்துக்குத் திரும்பினால் 30இல் ஐந்தில் நான்கு பங்கு, 24. விரைந்த நாளிலிருந்து வந்தாலும் 20இல் ஐந்தில் ஆறு பங்கு, 24. இரண்டு பக்கமிருந்தும் ஒரே விடை வருவதால் சரிபார்ப்பும் முடிந்துவிடுகிறது.

கேள்வியைப் படிக்கும்போதே விழும் பள்ளம் ஒன்றும் உண்டு. வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்பது வேறு, மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது வேறு. முதலாவதில் மிஞ்சும் வேகம் 1/3, இரண்டாவதில் 2/3. 20 நிமிடத் தாமதம் என்றால் முதலாவதில் வழக்கமான நேரம் 10 நிமிடம், இரண்டாவதில் 40. பட்டை வரைவதற்கு முன் "மிஞ்சிய வேகம் எவ்வளவு?" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

பாதை முழுவதும் மெதுவாக நடந்தால்தான் இந்த முறை செல்லும் என்றில்லை. மாலாவின் தாத்தா ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்கு நடந்து போகிறார். வழக்கமாக 30 நிமிடம். வழியில் ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து மீதித் தூரத்தை மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் நடந்தார். 9 நிமிடம் தாமதமாகச் சந்தையை அடைந்தார். செருப்பு எங்கே அறுந்தது?

அறுவதற்கு முன் நடந்ததில் தாமதமே இல்லை. 9 நிமிடமும் அறுந்த பிறகு வந்தது. எனவே பட்டையை அந்த மிச்சப் பாதைக்கு மட்டும் வரைய வேண்டும். வழக்கமாக 2 கட்டம், அன்று 3 கட்டம், ஒரு கட்டம் 9 நிமிடம். மிச்சப் பாதைக்கு வழக்கமான நேரம் 18 நிமிடம், அன்று ஆனது 27. முப்பதில் 18 போனால் 12. வீட்டிலிருந்து கிளம்பி 12ஆவது நிமிடத்தில், பாதையில் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்த இடத்தில் செருப்பு அறுந்திருக்கிறது. பிள்ளைகள் இங்கே 30 நிமிடத்துக்கே பட்டையைப் போட்டு, தாமதம் 15 வருகிறதே, 9 என்கிறார்களே என்று திகைப்பார்கள். 15 என்பது வாசலிலேயே வார் அறுந்திருந்தால் வந்திருக்கும் தாமதம். அதைவிடக் குறைவான தாமதம் வந்திருப்பதே, கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் நடந்தார் என்பதற்கு அடையாளம்.

இதே யோசனையால் இந்தக் கணக்குகளின் எல்லையும் புலப்படும். நிஜமான ஈசூன் மாலா 12ஆவது மாடியில் இருந்தால் மின்தூக்கிக்குக் காத்திருப்பாள், சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். அந்த நிமிடங்கள் அவள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நீளாது. காத்திருப்பு 4 நிமிடம் என்று வையுங்கள். 8 நிமிடத் தாமதத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் 24 என்பது நடக்கும் நேரம் மட்டும்தான். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை மொத்தம் 28. பாதி வழி நடந்து பாதி வழி எம்ஆர்டியில் போகிறவருக்கும் இதுதான். ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் பட்டைக்கு வெளியே நிற்க வேண்டும். கேள்வித்தாளில் இந்தக் காத்திருப்பெல்லாம் இல்லை என்று சொல்லாமலே வைத்துக்கொள்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை கையில் கடிகாரத்தைக் கொடுத்து நிஜமாகவே நடந்து பார்க்கச் சொன்னால், விளக்குக்கு நின்ற நேரத்தைக் கழித்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் தாமதம் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவாக வந்து கணக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாதி வழி மெதுவா போனா மீதி வழி வேகமா போய் ஈடு கட்டிடலாம்ல, சார்?" முதல் பாதியில் கால் பங்கு குறைத்து, மறுபாதியில் கால் பங்கு கூட்டினால் சரியாகிவிடும் என்று அவர்களுக்குத் தோன்றும்.

போட்டுப் பார்ப்போம். முதல் பாதிக்கு வழக்கமாக 12 நிமிடம். முக்கால் வேகத்தில் 16. மறுபாதியை ஒன்றேகால் மடங்கு வேகத்தில் நடந்தால் 12இல் ஐந்தில் நான்கு பங்கு, 9.6 நிமிடம். மொத்தம் 25.6. இன்னும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தாமதம். மெதுவாக நடந்ததில் 4 நிமிடம் போனது, விரைந்ததில் 2.4 நிமிடம்தான் திரும்ப வந்தது. போன 4 நிமிடத்தையும் பிடிக்க வேண்டுமானால் மறுபாதியை 8 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 12 நிமிடப் பாதை 8 நிமிடத்தில் என்றால் நேரம் 3-க்கு 2, வேகம் 2-க்கு 3. ஒன்றரை மடங்கு வேகம். கால் பங்கு குறைத்ததற்கு ஈடாக அரைப் பங்கு கூட்ட வேண்டியிருக்கிறது.

முதல் பாதியை மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் நடந்திருந்தால்? 12 நிமிடம் 18 ஆகிவிடும். மிச்சம் 6 நிமிடம்தான், மறுபாதிக்கு இரண்டு மடங்கு வேகம் வேண்டும். நடையெல்லாம் போதாது, ஓட்டம்தான். ஐந்தில் மூன்று பங்கு வேகமென்றால் 20 நிமிடம் போய், மிச்சம் 4 நிமிடம், மூன்று மடங்கு வேகம். முதல் பாதியில் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்து சரியாகப் பாதி வேகத்துக்கு வந்துவிட்டால் 12 நிமிடம் 24 ஆகிறது. மணி 7.25. மாலா பாதி வழியில்தான் இருக்கிறாள், வழக்கமான நேரம் முழுவதும் தீர்ந்துவிட்டது. மறுபாதியைக் கடக்கக் கையில் இருப்பது சுழியம் நிமிடம். அதற்கு எந்த வேகமும் போதாது. வாடகை வண்டி பிடித்தாலும் 7.25க்கு வாசலில் நிற்க முடியாது.